இரண்டு மாதம் சரியாக இருந்த வருகைப் பதிவேடு: வார விடுமுறை நெடுவரிசைகளுக்கு நிறம் போட்ட கதை

கோயம்புத்தூரில் ஒரு சிறிய அலுவலகம். 36 பேர் வேலை செய்கிறார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடுமுறை. வருகைப் பதிவேடு எக்செலில் இருக்கிறது, மாதத்துக்கு ஒரு தாள். இடது பக்கம் பெயர்கள், மேலே 1 முதல் 31 வரை தேதிகள், நடுவே P, A, L, WO என்ற குறிகள். WO என்றால் வார விடுமுறை. சனி, ஞாயிறு நெடுவரிசைகள் தானாகவே சாம்பல் நிறமாக மாறும்படி பிப்ரவரி 2026இல் யாரோ அமைத்துக் கொடுத்திருந்தார்கள். பிப்ரவரியில் சரியாக வந்தது, மார்ச்சிலும் சரியாக வந்தது. ஏப்ரல் 1ஆம் தேதி தாளைத் திறந்தால் அன்றைய புதன்கிழமை சாம்பலாக இருந்தது, அந்த வாரச் சனிக்கிழமை வெள்ளையாக இருந்தது.

என்னைக் கூப்பிட்டது மே 12ஆம் தேதி. அதற்குள் பிரச்சினை இன்னொரு வடிவம் எடுத்திருந்தது. "பிப்ரவரி, மார்ச்ல நல்லாத்தானுங்க சார் இருந்தது, அப்புறம் எக்செல் கெட்டுப்போச்சு" என்றார் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா. முந்தைய இரண்டு தாள்களையும் திறந்து காட்டினார். அவர் சொன்னது உண்மைதான். அந்த இரண்டு மாதங்களிலும் ஒரு நெடுவரிசைகூடத் தவறவில்லை.

அந்த இரண்டு மாதங்கள் ஏன் சரியாக வந்தன

அந்த இரண்டு தாள்களிலும் இருந்த விதி இது:

```
=WEEKDAY(C$4,2)>5
```

விதியில் தவறு இல்லை. `WEEKDAY` தேதியை வாங்கிக்கொண்டு கிழமையை எண்ணாகத் தரும். இரண்டாவது இடத்தில் 2 என்று கொடுத்தால் திங்கள் 1, ஞாயிறு 7. ஆகவே 5ஐ விடப் பெரியது என்றால் சனி அல்லது ஞாயிறு. அந்த 2ஐ விட்டுவிட்டால் ஞாயிறு 1 என்றும் சனி 7 என்றும் எண்ணும். அப்போது வார விடுமுறை நாள்கள் இரண்டு முனைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும், `>5` என்ற ஒப்பீடு வெள்ளியையும் சனியையும் பிடிக்கும். இங்கே அந்தத் தவறும் இல்லை.

அப்புறம் ஏப்ரல் தாளின் தலைப்பு வரிசையில் C4 கட்டத்தைக் கிளிக் செய்து மேலே உள்ள ஃபார்முலா பட்டையைப் பார்த்தேன். அங்கே 1 என்று இருந்தது. ஏப்ரல் 1 என்ற தேதி அங்கே இல்லை, வெறும் எண் 1தான் இருந்தது. D4இல் 2, E4இல் 3. அதாவது தலைப்பில் தேதிகளே இல்லை. நாளின் எண்கள் மட்டும் இருந்தன.

எக்செலுக்குத் தேதி என்பதும் ஒரு எண்தான். 1 ஜனவரி 1900 என்பது 1, அங்கிருந்து நாளுக்கு ஒன்று கூடும். 1 ஏப்ரல் 2026 என்பது 46113. ஆகவே `WEEKDAY`விடம் 1 என்று கொடுத்தால் அது பிழை காட்டாது. 1900ஆம் ஆண்டின் முதல் நாளைப் பற்றிக் கேட்கிறோம் என்று எடுத்துக்கொண்டு, ஞாயிறு என்று பதில் சொல்லும். (உண்மையில் 1 ஜனவரி 1900 திங்கட்கிழமை. 1900ஐ எக்செல் லீப் ஆண்டாகக் கணக்கிடுகிறது. பழைய லோட்டஸ் 1-2-3 தாள்களோடு ஒத்துப்போவதற்காக வைத்துக்கொண்ட பழக்கம் அது. இல்லாத பிப்ரவரி 29 ஒன்று நடுவே நுழைந்ததால் அதற்கு முந்தைய கிழமைகள் ஒரு நாள் தள்ளி நிற்கின்றன. 1 மார்ச் 1900 முதல் எல்லாம் சரி.)

எனவே தலைப்பில் 1 முதல் 31 வரை வெறும் எண்கள் இருந்தால் எந்த மாதமானாலும் ஒரே நெடுவரிசைகள்தான் சாம்பலாகும்: 1, 7, 8, 14, 15, 21, 22, 28, 29. முதல் நாள் ஞாயிறாக இருக்கும் மாதத்தின் நாட்காட்டி இது. 1 பிப்ரவரி 2026 ஞாயிற்றுக்கிழமை. பிப்ரவரிக்கு 28 நாள் என்பதால் 1 மார்ச் 2026உம் ஞாயிற்றுக்கிழமை. தாளை உருவாக்கியவர் நிச்சயமாகச் சோதித்துப் பார்த்திருப்பார். நாட்காட்டியை எடுத்து ஒவ்வொரு நெடுவரிசையாக ஒப்பிட்டிருந்தாலும் அவருக்குத் தவறு தெரிந்திருக்காது. ஏப்ரல் 1 புதன்கிழமையாக வந்த பிறகுதான் அது வெளிப்பட்டது.

இந்த ஒன்பது எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது "சனி, ஞாயிறு தப்பா வருது" என்று தாளைக் கொண்டுவந்தால் முதலில் நான் பார்ப்பது இதைத்தான். சாம்பல் நிறம் 1, 7, 8, 14, 15 என்று போனால், அந்த மாதம் ஞாயிறில் தொடங்காதபோது, தலைப்பில் இருப்பது தேதி இல்லை. வேறு எதையும் தோண்ட வேண்டியதில்லை.

நடுவில் நடந்த கைவேலை

ஏப்ரலில் அந்த அம்மா முதலில் சரியான கட்டங்களுக்குக் கையால் சாம்பல் நிறமும் தவறான கட்டங்களுக்கு வெள்ளையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார். தவறான கட்டங்களின் நிறம் மாறவில்லை. கையால் கொடுக்கும் நிறத்துக்கு மேல்தான் விதியின் நிறம் உட்காரும். விதி உண்மை என்று சொல்லும் வரை கீழே இருக்கும் வெள்ளை தெரியாது. அதனால் விதியையே நீக்கிவிட்டு 4, 5, 11, 12, 18, 19, 25, 26 ஆகிய எட்டு நெடுவரிசைகளுக்கும் கையால் நிறம் கொடுத்தார். ஏப்ரலுக்கு அது சரியான கணக்கு.

மே மாதத்துக்கு ஏப்ரல் தாளை நகலெடுத்தார். நிறமும் கூடவே வந்தது. சாம்பல் நெடுவரிசைகள் எல்லாவற்றிலும் முதல் நாளே WO என்று நிரப்பிவிடுவது அங்கே வழக்கம். கைரேகை இயந்திரத்தின் பட்டியலிலிருந்து மீதிக் கட்டங்களை மட்டும் பிறகு நிரப்புவார்கள். 2026 மே 4 திங்கள், 5 செவ்வாய். ஆக, அந்த மாதம் முழுக்கத் திங்களும் செவ்வாயும் வார விடுமுறையாகிவிட்டன. உண்மையான சனி, ஞாயிறான 2, 3, 9, 10 தேதிகளில் கைரேகை எதுவும் இல்லை என்பதால் எல்லோருக்கும் A விழுந்தது.

இதில் கவலைப்பட வேண்டிய விஷயம், கடைசி நெடுவரிசையில் இருந்த, அன்றைய தேதி வரையிலான WO எண்ணிக்கை சரியாகவே தெரிந்தது. 12ஆம் தேதி வரை உண்மையான வார விடுமுறைகள் நான்கு. தாளிலும் நான்கு WO. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்குச் சந்தேகம் வராது. மாத முடிவில்தான் வித்தியாசம் தெரிந்திருக்கும். அந்த மே மாதத்தில் ஐந்து சனி, ஐந்து ஞாயிறு, ஆகப் பத்து விடுமுறை. தாளில் எட்டு. ஒருவர் "திங்கள்கிழமை வந்தேனே, எனக்கு ஏன் WO போட்டிருக்கீங்க?" என்று கேட்டதால் சம்பளக் கணக்குக்கு முன்பே பிடிபட்டது. அவர் கேட்காமல் விட்டிருந்தால் 36 பேருக்கும் சம்பளம் பிடிக்கப்பட்டிருக்கும். ஒரு தாளின் நிறம்தானே என்று இதை என்னால் விட முடியாததற்குக் காரணம் அதுதான்.

தலைப்பில் உண்மையான தேதி

B1இல் ஆண்டு, B2இல் மாதத்தின் எண். இந்த இரண்டை மட்டும்தான் மாதாமாதம் கையால் மாற்ற வேண்டும். C4இல்:

```
=DATE(B1,B2,1)
```

இங்கே 1/5/2026 என்று நேரடியாகத் தட்டச்சு செய்யலாமே என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அது ஜனவரி 5 ஆகிவிடும். 12ஆம் தேதி வரை இப்படி நாளும் மாதமும் சத்தமில்லாமல் இடம் மாறும். 13ஆம் தேதிக்குப் பிறகு 13ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அது தேதியாகவே ஏற்கப்படாமல் எழுத்தாக உட்காரும். `DATE` ஆண்டு, மாதம், நாள் என்று தனித்தனியாகக் கேட்பதால் எந்தக் கணினியிலும் ஒரே பதில்தான் வரும்.

D4இல் இதை எழுதி AG4 வரை இழுத்துவிட வேண்டும்:

```
=IF(C4="","",IF(MONTH(C4+1)=MONTH($C$4),C4+1,""))
```

முந்தைய கட்டத்தோடு ஒரு நாள் கூட்டு, மாதம் மாறிவிட்டால் காலியாக விடு என்பதுதான் பொருள். பிப்ரவரியில் 29, 30, 31க்கான கட்டங்கள் வெறுமையாகும். இது இல்லாமல் வெறுமனே `C4+1` என்று இழுத்தால் பிப்ரவரித் தாளின் கடைசியில் மார்ச் 1, 2, 3 வந்து நிற்கும். அவற்றில் ஒன்று ஞாயிறாக இருந்தால் நிறமும் விழும், எண்ணிக்கையும் ஏறும்.

இப்போது கட்டங்களில் 01-05-2026 என்று நீளமாகத் தெரியும், நெடுவரிசை குறுகலாக இருந்தால் `####` என்று வரும். Format Cells பெட்டியில் Custom போய் `d` என்று கொடுத்தால் 1, 2, 3 என்று மட்டும் தெரியும். 5ஆம் வரிசையில் `=C4` என்று போட்டு அதற்கு `ddd` கொடுத்தால் கிழமை தெரியும். பார்வைக்குப் பழைய தாளும் புதிய தாளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பழையதில் 1 என்பது எண் 1, புதியதில் 1 என்று தெரிவதன் பின்னால் 46143 இருக்கிறது. சந்தேகம் வந்தால் அந்தக் கட்டத்தைத் தேர்ந்து Generalக்கு மாற்றிப் பாருங்கள். 46 ஆயிரம் சொச்சம் தெரிந்தால் அது தேதி. 1 என்றே நின்றால் வெறும் எண். 01-05-2026 என்று மாறாமல் அப்படியே நின்றால் அது எழுத்து. பார்த்ததும் Ctrl+Z அடித்துத் திரும்பிவிடலாம்.

கிழமையை `ddd` காட்டுகிறதே, அதை வைத்தே நிறம் போடலாமா என்று அந்த அம்மா கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் `ddd` என்பது தோற்றம் மட்டும். 5ஆம் வரிசையில் Sat என்று தெரிந்தாலும் கட்டத்துக்குள் இருப்பது எண்தான், அதனால் `C$5="Sat"` என்று ஒப்பிட்டால் ஒருபோதும் பொருந்தாது. `TEXT` வைத்து உண்மையிலேயே எழுத்தாக மாற்றினால் பொருந்தும், ஆனால் வேறு மொழி அமைப்புள்ள கணினியில் கிழமையின் பெயர் அந்த மொழியில் வந்து விதி படுத்துவிடும். கிழமையின் எண்ணை நம்புவதே பாதுகாப்பு.

நிறத்தின் விதி, டாலர் குறி, காலிக் கட்டம்

பெயர்கள் 6ஆம் வரிசையிலிருந்து 41ஆம் வரிசை வரை. C4இல் தொடங்கி AG41 வரை தேர்ந்தெடுத்து, Home > Conditional Formatting > New Rule > Use a formula to determine which cells to format. அங்கே எழுதும் வாய்பாடு, தேர்வில் வெள்ளையாகத் தெரியும் முதல் கட்டத்துக்காக எழுதப்படுவது. மற்றக் கட்டங்களுக்கு எக்செல் அதை நகர்த்திப் படிக்கும். இது புரிந்துவிட்டால் டாலர் குறி எங்கே வரவேண்டும் என்பது தானாக விளங்கும். நெடுவரிசை நகர வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு நாளும் தன் தேதியைப் பார்க்க வேண்டும். வரிசை நகரக் கூடாது, ஏனென்றால் எல்லாப் பெயருக்கும் தேதி 4ஆம் வரிசையில்தான் இருக்கிறது. ஆகவே `C$4`.

`$C$4` என்று போட்டுவிட்டால் எல்லாக் கட்டமும் முதல் தேதியையே பார்க்கும். மே 1 வெள்ளி என்பதால் ஒரு நிறமும் வராது. பிப்ரவரியில் முழுத் தாளும் சாம்பலாகும். அந்தச் சட்டகத்தில் எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று பார்த்தால் காரணம் இதுதான்.

டாலரே இல்லாமல் `C4` என்று போட்டால் நடப்பதுதான் பலரைக் குழப்புவது. தலைப்பு இரண்டு வரிசைகளும் சரியாக நிறம் பெறும். கீழே உள்ள ஒவ்வொரு கட்டமும் தன்னையே பார்த்துக்கொள்ளும். P என்று இருந்தால் `WEEKDAY("P")` பிழை, நிறம் இல்லை. இன்னும் நிரப்பாத கட்டங்கள் எல்லாம் சாம்பலாக இருக்கும், நிரப்பிக்கொண்டே போகப் போக நிறம் மறையும். காரணம், காலிக் கட்டத்தை `WEEKDAY` பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. பூஜ்யத்தின் கிழமை எக்செலில் சனி. கூகுள் ஷீட்ஸிலும் அப்படியே. அங்கே பூஜ்யம் என்பது 30 டிசம்பர் 1899, அன்று உண்மையாகவே சனிக்கிழமை.

காலி என்றால் சனி என்ற இந்த ஒன்று வேறு இடங்களிலும் தலைகாட்டும். 31ஆம் தேதியின் தலைப்பை யாராவது Delete அடித்துக் காலியாக்கினால் அந்த நெடுவரிசை முழுக்கச் சாம்பலாகும். நாம் D4இல் எழுதிய வாய்பாடு தருகிற `""` வேறு வகை: அது எழுத்து, `WEEKDAY`வுக்குப் பிழை, நிற விதியில் பிழை வந்தால் நிறம் விழாது. அதாவது நம் தாளில் மாதக் கடைசி வெள்ளையாக இருப்பது பிழையின் தயவில். அதை நம்பி விட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. AG41இலிருந்து மேலே இடதுபுறமாக இழுத்துத் தேர்ந்தெடுத்தால் முதல் கட்டம் AG41 ஆகிவிடும். அப்போது `C$4` என்று எழுதினால் அது AG நெடுவரிசைக்கான முகவரி. Cக்கு அது முப்பது நெடுவரிசை இடதுபுறம் போய், தாளின் விளிம்பைத் தாண்டி மறுமுனையில் சுற்றிக்கொள்ளும். பிறகு C4இல் நின்று Manage Rules திறந்தால் `XEC$4` என்று எதையோ காட்டும். அங்கே இருப்பதெல்லாம் காலிக் கட்டங்கள், காலி என்றால் சனி, எனவே கடைசி நெடுவரிசை நீங்கலாக எல்லாம் சாம்பல். XE என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் விதியை நீக்கிவிட்டு, C4இலிருந்து கீழ்நோக்கித் தேர்ந்து மறுபடி எழுதுங்கள்.

நிறத்தை எண்ண முடியாது

இதுவரை செய்ததோடு நிறம் சரியாகிவிட்டது. ஆனால் அந்த அலுவலகத்துக்கு உண்மையில் தேவைப்பட்டது எண்ணிக்கை. வேலை நாளில் தவறாக WO விழுந்திருக்கிறதா, சனி, ஞாயிறில் A விழுந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். எக்செலின் வழக்கமான வாய்பாடுகள் கட்டத்தின் நிறத்தைப் படிப்பதில்லை. நிறத்துக்கு ஒரு விதி, எண்ணிக்கைக்கு வேறொரு விதி என்று வைத்தால் ஒருநாள் இரண்டும் வேறு வேறு பேசும். எனவே "இது விடுமுறை நாளா" என்ற முடிவை ஒரே இடத்தில் எடுத்து, நிறமும் எண்ணிக்கையும் அதையே படிக்கும்படி மாற்றினேன். தலைப்புக்கு மேலே 3ஆம் வரிசை காலியாக இருந்தது. C3இல் எழுதி AG3 வரை இழுத்தேன்:

```
=IF(C4="","",IF(WEEKDAY(C4,2)>5,1,0))
```

விடுமுறை என்றால் 1, வேலை நாள் என்றால் 0, மாதம் முடிந்துவிட்டால் வெறுமை. அப்புறம் நிறத்தின் விதி மிகச் சிறியதாகிவிட்டது:

```
=C$3=1
```

காலிக் கட்டமோ `""` ஆகவோ இருந்தால் 1க்குச் சமம் ஆகாது. சனிக்கிழமைக் குழப்பம் இங்கே வரவே வழியில்லை, பிழையின் தயவும் தேவையில்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே AHஇல், வேலை நாளில் விழுந்த WO எத்தனை என்று:

```
=COUNTIFS($C$3:$AG$3,0,C6:AG6,"WO")
```

AIஇல் விடுமுறை நாளில் விழுந்த A எத்தனை என்று:

```
=COUNTIFS($C$3:$AG$3,1,C6:AG6,"A")
```

இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். மே 12ஆம் தேதி இதைப் போட்டபோது முதல் நெடுவரிசையில் 36 பேருக்கும் 8 என்று வந்தது, ஏனென்றால் மாதம் முழுக்க முன்கூட்டியே நிரப்பியிருந்தார்கள். இரண்டாவதில் எல்லோருக்கும் 4. அதுவரை ஒருவர் கேட்ட ஒரு திங்கட்கிழமையாக மட்டும் தெரிந்த பிரச்சினையின் முழு அளவும் அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. பழைய கைநிறத்தை No Fill கொடுத்து நீக்கினோம், தவறான WO கட்டங்களைக் காலியாக்கினோம். கைரேகைப் பட்டியலை வைத்து 4, 5, 11, 12 தேதிகளை மறுபடி நிரப்ப ஒரு மதியம் ஆனது.

எந்தக் கட்டம் தவறு என்று கண்ணுக்குத் தெரிய இன்னொரு விதியும் சேர்த்தேன். C6 முதல் AG41 வரை, சிவப்பு நிறத்தில்:

```
=OR(AND(C$3=0,C6="WO"),AND(C$3=1,C6="A"))
```

ஒரே வாய்பாட்டில் `C$3` நகராத வரிசையோடும் `C6` முழுவதும் நகரும்படியும் இருப்பதைக் கவனியுங்கள். முதலாவது நாளைப் பற்றியது, எல்லோருக்கும் பொது. இரண்டாவது அந்த ஒருவரின் அந்த நாளைப் பற்றியது. இந்தச் சிவப்பு விதி Manage Rules பெட்டியில் சாம்பல் விதிக்கு மேலே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே கட்டத்தில் நிறம் கேட்டால் மேலே உள்ளதுதான் ஜெயிக்கும்.

இரண்டாம் சனி

வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் மேலாளர் வந்து, கணக்குப் பிரிவில் நான்கு பேருக்கு வங்கியைப்போல இரண்டாவது, நான்காவது சனி மட்டும்தான் விடுமுறை, அவர்களுக்குத் தனித் தாள் வேண்டும் என்றார். வங்கிகளுக்கு இந்த முறை செப்டம்பர் 2015 முதல் நடப்பில் இருக்கிறது. தாளை நகலெடுத்து 3ஆம் வரிசையை மட்டும் மாற்றினேன்:

```
=IF(C4="","",IF(OR(WEEKDAY(C4,2)=7,
 AND(WEEKDAY(C4,2)=6,ISEVEN(ROUNDUP(DAY(C4)/7,0)))),1,0))
```

ஒரு நாள் அந்த மாதத்தின் எத்தனையாவது சனி என்று அறிய, தேதியை 7ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால் போதும். 1 முதல் 7 வரை முதலாவது, 8 முதல் 14 வரை இரண்டாவது, 22 முதல் 28 வரை நான்காவது. மே 2026இல் 9ஆம் தேதியும் 23ஆம் தேதியும் விழுந்தன. 30ஆம் தேதி ஐந்தாவது சனி, ஒற்றைப்படை, வேலை நாளாகவே நின்றது. நிற விதியிலோ எண்ணிக்கையிலோ ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

மிச்சம் இருக்கும் பலவீனம்

இந்த அமைப்பை மெல்ல மெல்லக் கெடுப்பது நகலெடுத்து ஒட்டும் பழக்கம். ஒரு பெயரின் வரிசையிலிருந்து சில கட்டங்களை Ctrl+C, Ctrl+V செய்தால் மதிப்போடு விதியும் போகும். எக்செல் அந்த விதியின் எல்லையைத் துண்டு துண்டாக உடைத்து வைத்துக்கொள்ளும். சில மாதங்களில் Manage Rules பெட்டியில் ஒரே சாம்பல் விதி பத்துப் பதினைந்து வரிகளாக நிற்கும், Applies to இடத்தில் காற்புள்ளிகளாக நீளும், வேறு தாளிலிருந்து ஒட்டிய கட்டம் மட்டும் நிறம் இல்லாமல் இருக்கும். மதிப்பை மட்டும் ஒட்ட Paste Special > Values பயன்படுத்தும்படி சொல்லியிருக்கிறேன். அப்படியும் உடைந்தால், எல்லா விதிகளையும் நீக்கிவிட்டு இரண்டையும் புதிதாக எழுதுவதற்கு ஐந்து நிமிடம் போதும். துண்டுகளை ஒட்டவைக்க முயல்வதைவிட அது சுலபம்.

அரசு விடுமுறைகள் இந்தத் தாளில் இல்லை. மே 1 தொழிலாளர் தினம் வெள்ளிக்கிழமை வந்தது, அது 0 என்றே நிற்கிறது, அந்த அலுவலகத்தில் அதற்கு H என்று தனிக் குறி போடுகிறார்கள். அதையும் சேர்க்க வேண்டுமென்றால் விடுமுறைப் பட்டியலைத் தனித் தாளில் வைத்து 3ஆம் வரிசையில் 2 என்று ஒரு மூன்றாவது விடை தரலாம். அவர்கள் இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள்.

கடைசியாகச் சோதனை. B2இல் மாதத்தின் எண்ணை 1 முதல் 12 வரை மாற்றி, ஒவ்வொரு மாதத்தின் முதல் சனியை மட்டும் சுவர் நாட்காட்டியோடு ஒப்பிட்டோம். அந்த அம்மாவே செய்தார், நான் பக்கத்தில் இருந்தேன். பிப்ரவரியில் கடைசி மூன்று நெடுவரிசைகளும் வெள்ளையாகவும் வெறுமையாகவும் நின்றன. B1இல் 2028 போட்டபோது 29ஆம் தேதி ஒன்று மட்டும் கூடுதலாக வந்தது. பிப்ரவரி, மார்ச், நவம்பர் மூன்று மாதங்களையும் 2026க்கான சோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அவரிடம் சொன்னேன். மூன்றும் ஞாயிறில் தொடங்குகின்றன. பழைய தாளும் அந்த மூன்று மாதத்தில் சரியாகத்தான் தெரியும்.